412-ம் 9-ம்: மேற்கோள் எண்ணிக்கையை எப்படி வாசிப்பது

அண்ணன் மகள் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். குளச்சலில் கரையேறும் சாளை மீனின் குடலில் பிளாஸ்டிக் துகள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவளுடைய புராஜெக்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோட்டாற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கல்லூரி நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். அதனால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும்.

"அத்த, ரெண்டு பேப்பர் கிடச்சிருக்கு. ஒண்ணுக்கு 412 சைட்டேஷன், மத்ததுக்கு ஒம்பதுதான். 412 உள்ளதப் பாத்துத்தானே நான் செய்யணும்?"

"ஏன் மக்ளே அப்படிச் சொல்லுத?"

"அத எழுதுன சாருக்க எச்-இன்டெக்ஸ் 38. இவங்களுக்கு அஞ்சுதான் அத்த."

அவள் கேட்டதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கட்டுரையைப் பற்றியது, மற்றது ஆளைப் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அன்று அவளோடு உட்கார்ந்து பார்த்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன். அந்தக் கட்டுரைகளின் பெயர்களைச் சொல்லவில்லை. அவற்றின் எண்களும் உதாரணத்துக்காக நானே வைத்தவை.

முதலில் மேற்கோள் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, தனக்கு முன்னால் வந்த கட்டுரைகளை அங்கங்கே குறிப்பிட்டு, கடைசியில் பட்டியலாகக் கொடுப்பார். அப்படி ஒரு பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு மேற்கோள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே `Cited by 412` என்று வருகிறதே, அது இப்படிப்பட்ட 412 பட்டியல்களில் அந்தக் கட்டுரை இருக்கிறது என்று சொல்கிறது. அவ்வளவுதான் சொல்கிறது. பாராட்டிக் குறிப்பிட்டார்களா, தப்பு என்று எழுதினார்களா, படித்துவிட்டுத்தான் குறிப்பிட்டார்களா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை.

நாகர்கோவிலில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். எந்தக் கடைக்குப் போக வேண்டுமானாலும் "மணிமேடையில இருந்து" என்றோ "வேப்பமூட்டுக்குப் பக்கத்துல" என்றோதான் தொடங்குவார்கள். ஒரு நாளில் மணிமேடையின் பேர் ஆயிரம் வாயில் வரும். வழி சொல்ல அது வசதியான அடையாளம் என்பதால் வருகிறது. அந்த ஆயிரத்தை எண்ணி, ஊரிலேயே சிறந்த கட்டடம் மணிமேடைதான் என்று யாரும் முடிவுகட்ட மாட்டோம். மேற்கோள்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் 1951-இல் ஆலிவர் லோரியும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை அது சொல்கிறது. 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள் அதற்கு உண்டு. இவ்வளவு மேற்கோள் பெற்ற கட்டுரை அறிவியலில் வேறு இல்லை என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. புரதம் அளந்தவர்கள் எல்லாம் "லோரி முறையில் அளந்தோம்" என்று ஒரு வரி எழுதி அதைப் பட்டியலில் சேர்த்தார்கள். அது பெரிய கட்டுரை ஒன்றும் அல்ல என்று லோரியே பின்னாளில் எழுதினார். பயன்பட்டது என்பதை அந்த 3 லட்சம் நன்றாகவே காட்டுகிறது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதில் புதிய சிந்தனை எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

தப்பு என்று காட்டுவதற்காகக் குறிப்பிட்டாலும் மேற்கோள் எண்ணிக்கையில் ஒன்று கூடும். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் 'லான்செட்' இதழில் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் அது தொடர்புபடுத்திப் பேசியது. 2010-இல் லான்செட் அதை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, அதைக் குறிப்பிட்ட 1,153 எழுத்துகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தது. அவற்றில் 838 அதை மறுத்தோ குறைசொல்லியோ எழுதப்பட்டவை. கணினித் திரையில் அந்த 838-ம் மற்ற மேற்கோள்களைப் போலவேதான் எண்ணப்பட்டு நிற்கும். ஊரில் தடுப்பூசி பற்றிப் பேச்சு வரும்போது "அந்தக் கட்டுரைய எவ்வளவு பேரு சொல்லியிருக்காங்க தெரியுமா" என்று யாராவது எண்ணைக் காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிக்காமலே குறிப்பிடுவதும் உண்டு. இதை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. 2003-இல் மிகயில் சிம்கினும் வ்வானி ராய்சவுத்ரியும் அழகான ஒரு வழி கண்டார்கள். இயற்பியலில் புகழ்பெற்ற ஒரு கட்டுரைக்கு வந்த சுமார் 4,300 மேற்கோள்களை எடுத்தார்கள். அவற்றில் 196 இடங்களில் பக்க எண்ணோ தொகுதி எண்ணோ தவறாக அச்சாகியிருந்தது. தவறு தனித்தனியாக நடந்திருந்தால் ஆளுக்கு ஒரு விதமாக இருந்திருக்கும். ஆனால் ஒரே தவறு, ஒரே பக்க எண்ணில், 78 இடங்களில் அப்படியே திரும்ப வந்திருந்தது. மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்காமல் இன்னொருவரின் பட்டியலில் இருந்து எடுத்து எழுதினால்தான் அப்படி வரும். குறிப்பிடுகிறவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அது ஒரு மதிப்பீடுதான், எல்லாத் துறைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கட்டுரை பலமுறை குறிப்பிடப்பட்டால், பலமுறை குறிப்பிடப்பட்டதாலேயே இன்னும் குறிப்பிடப்படும் என்பது இதில் கண்கூடாகத் தெரிகிறது.

சரி, அண்ணன் மகளுடைய இரண்டு கட்டுரைகளுக்கு வருவோம். எண்ணை மறந்துவிட்டு இரண்டிலும் 'ஆய்வு முறை' என்ற பகுதியை மட்டும் முதலில் படிக்கச் சொன்னேன்.

மீன் குடலில் பிளாஸ்டிக் தேடுகிறவர்கள் செய்வது இதுதான். குடலை எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, மிதமான சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். சதை கரைந்துவிடும், பெரும்பாலான பிளாஸ்டிக் வகைகள் கரையாமல் நிற்கும். வடிகட்டி, தாளில் நிற்பதை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். இதில் ஆளைக் கவிழ்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, நாம் போட்டிருக்கும் துணியில் இருந்தும் காற்றில் இருந்தும் இழைகள் கரைசலில் விழும். அதனால் மீனே போடாத ஒரு கிண்ணத்தில் அதே கரைசலை ஊற்றி, அதே மேசையில், அதே நேரம் வைத்திருந்து, அதில் எத்தனை இழை விழுந்தது என்று எண்ண வேண்டும். ஆய்வகத்தில் இதை பிளாங்க் என்பார்கள். இரண்டாவது, கண்ணுக்குப் பிளாஸ்டிக் போலத் தெரிவது பஞ்சு நூலாகவோ நண்டு ஓட்டுத் துணுக்காகவோ இருக்கலாம். அகச்சிவப்புக் கதிர் செலுத்தி, அது எந்தப் பொருள் என்று எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் உறுதி செய்ய வேண்டும்.

412 மேற்கோள் வாங்கிய கட்டுரை பத்து வருடம் பழையது. 30 மீன்கள். பிளாங்க் வைத்ததாக ஒரு வரிகூட இல்லை. துகள்களைக் கண்ணால் பார்த்தே வகைபிரித்திருந்தார்கள். 9 மேற்கோள் வாங்கியது வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. 180 மீன்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று பிளாங்க், அதில் விழுந்த இழைகளைக் கழித்துவிட்டுத்தான் முடிவு சொல்லியிருந்தார்கள். சந்தேகத் துகள்களை எஃப்.டி.ஐ.ஆரில் போட்டு, பிளாஸ்டிக் அல்லாதவை எத்தனை என்பதையும் அட்டவணையாகக் கொடுத்திருந்தார்கள்.

படித்து முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்ப 412 பேரும் இத எப்பிடி விட்டாங்க அத்த?"

அதைத்தான் அடுத்துப் பார்த்தோம். கூகுள் ஸ்காலரில் `Cited by` என்பதைச் சொடுக்கினால் மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியல் திறக்கும். `Search within citing articles` என்ற கட்டத்தைக் குறியிட்டு, வேண்டிய சொல்லைப் போட்டு அதற்குள்ளேயே தேடலாம். 412-ஐயும் திறக்க யாராலும் முடியாது. வெவ்வேறு வருடங்களில் இருந்து இருபதை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் நம் கட்டுரையின் பெயர் வரும் வரியைக் கண்டுபிடித்து, அது எந்தப் பகுதியில் வருகிறது, தனியாக வருகிறதா கூட்டத்தோடு வருகிறதா என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இருபதில் பதினைந்து முன்னுரையில் இருந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: கடல் மீன்களிலும் பிளாஸ்டிக் துகள்கள் காணப்பட்டுள்ளன, அதற்குப் பின்னால் அடைப்புக்குள் ஆறேழு கட்டுரைகளின் எண்கள். மணிமேடை வகை. மூன்று கட்டுரைகள் தங்கள் எண்ணிக்கையை இதனுடன் ஒப்பிட்டிருந்தன. மீதி இரண்டும் பிளாங்க் இல்லாததால் இதன் எண்ணிக்கையை நம்ப முடியாது என்று சொல்லியிருந்தன. ஒன்றுகூட இதன் முறையைப் பின்பற்றவில்லை.

ஒன்பதை முழுவதுமாகத் திறந்தோம். இரண்டு, எழுதியவர்களே தங்கள் அடுத்த கட்டுரைகளில் குறிப்பிட்டவை. மூன்று, முன்னுரைக் கூட்டத்தில். ஒன்று, முடிவோடு உடன்படாமல் காரணத்தோடு எதிர்வாதம் வைத்தது. மற்ற மூன்றும் ஆய்வு முறைப் பகுதியில் தனியாக நின்றன: பிளாங்க் கழிப்பதை இன்னார் செய்தபடி செய்தோம் என்று. வெளியாள் மூன்று பேர் தங்கள் சொந்த வேலையை இந்தக் கட்டுரையின்மேல் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த மூன்றும்தான் பெரிது. கூட்டத்தில் வரும் பெயரை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது. முறைப் பகுதியில் தனியாக நிற்கும் பெயரை எடுத்தால் அந்த ஆய்வே நிற்காது.

இதை வைத்து மேற்கோள் குறைந்த கட்டுரைதான் நல்ல கட்டுரை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பழைய கட்டுரை வந்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களே கொஞ்சம் பேர். முதலில் கேட்டதற்கு ஒரு மதிப்பு உண்டு, 412 என்பது அந்தக் கவனத்தைக் காட்டுகிறது. அதோடு, மேற்கோள் சேர நாள் பிடிக்கும். பத்து வருடத்தையும் இரண்டு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரியில்லை. பத்து வயதுத் தென்னையையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் நிறுத்தி எது அதிகம் காய்க்கிறது என்று கேட்பது போல ஆகும்.

துறையின் அளவும் இதில் சேர்கிறது. மணக்குடி காயலின் மண்ணைப் பற்றி ஒருவர் எவ்வளவு கவனமாக ஆய்வு செய்தாலும், அதைக் குறிப்பிட வேண்டிய தேவை உள்ளவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தக் கரையில் வேலை செய்கிறவர்கள் மட்டும்தான். அதே கவனத்தோடு புற்றுநோய் மருந்து பற்றி எழுதினால் ஆயிரக்கணக்கான பேர் அந்தத் துறையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கணிதக் கட்டுரைகளுக்கு மருத்துவக் கட்டுரைகளை விட மேற்கோள் பொதுவாக மிகக் குறைவாகத்தான் வரும். ஒரே துறை, ஒரே வயது, ஒரே வகைக் கட்டுரை என்று வைத்துக்கொண்டால் மட்டுமே எண்களை ஒப்பிடத் தொடங்கலாம். வகை என்று ஏன் சொல்கிறேன் என்றால், பலருடைய வேலையைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைக்குப் பொதுவாகவே மேற்கோள் அதிகம் சேரும். நூறு கட்டுரைகளைக் குறிப்பிடுவதற்குப் பதில் அந்த ஒன்றைக் குறிப்பிட்டால் எழுதுகிறவருக்கு வேலை மிச்சம்.

அப்புறம் அந்த 38.

எச்-இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்கே ஹிர்ஷ், கலிபோர்னியாவில் பணியாற்றிய இயற்பியலாளர். கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் அதிகமுள்ளதில் இருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுதி, 1, 2, 3 என்று எண் போடுங்கள். வரிசை எண்ணை விட மேற்கோள் குறையாமல் இருக்கும் வரை இறங்கிக்கொண்டே வாருங்கள். எங்கே நிற்கிறீர்களோ அந்த வரிசை எண்தான் எச்-இன்டெக்ஸ். அவள் நோட்டில் எழுதிக் காட்டியது இது:

```
வரிசை:     1   2   3   4   5   6   7
மேற்கோள்:  40  18   9   6   5   3   1
```

ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள், சரியாக இருக்கிறது. ஆறாவதுக்கு மூன்றுதான், ஆறு இல்லை. ஆக இவருக்கு 5. குறைந்தது ஐந்து மேற்கோள் உள்ள ஐந்து கட்டுரைகள் இவரிடம் இருக்கின்றன என்று அர்த்தம்.

இப்போது வேறு இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மேற்கோள். அவருக்கும் 5. இன்னொருவர் வாழ்நாளில் நான்கே கட்டுரை எழுதினார்: 900, 350, 4, 2. அவருக்கு 3. இந்த 900 மேற்கோள் கட்டுரை எவ்வளவு நல்லதோ கெட்டதோ, எச்-இன்டெக்ஸின் கண்ணில் அது 3-ஐத் தாண்டிய ஒரு கட்டுரை, அவ்வளவுதான். நாலு கட்டுரை எழுதியவருக்கு 4-க்கு மேல் போகவே வழியில்லை.

இந்த எண் காட்டுவது ஒன்று உண்டு. ஒரே ஒரு கட்டுரையால் மட்டும் பெயர் வாங்கியவரா, பல வருடம் தொடர்ந்து மற்றவர்கள் குறிப்பிடும்படி எழுதி வந்தவரா என்பதை ஓரளவு காட்டும். ஹிர்ஷ் அதற்காகத்தான் கொண்டுவந்தார். ஒற்றை எண் ஒருவரைப் பற்றித் தோராயமாகத்தான் சொல்லும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியும் வைத்தார். ஆனால் இது ஆளுக்குப் போடும் எண், கட்டுரைக்குப் போடும் எண் அல்ல. 38 உள்ளவர் நேற்று வெளியிட்ட கட்டுரையிலும் பிளாங்க் வைக்க மறந்திருக்கலாம். அவருடைய 38-இல் அந்தக் கட்டுரை இன்னும் சேரவே இல்லை. நாற்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை என்றால் நாற்பது பேருக்கும் அது முழுக் கட்டுரையாகவே கணக்காகும். யார் மீனை அறுத்தார், யார் பெயர் மட்டும் கொடுத்தார் என்பது தெரியாது. வயது கூடக் கூட இந்த எண் கூடும், ஒருபோதும் குறையாது. எந்தத் தளத்தில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், மாநாட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வதால், ஒரே ஆளுக்கு ஸ்கோபஸ் என்ற இன்னொரு தளத்தில் காட்டுவதை விடப் பொதுவாக அதிகமாகவே காட்டும்.

எனக்கு மனவருத்தம் தருவது இன்னொன்று. மேலே உள்ள வரிசையைத் திரும்பப் பாருங்கள். 5-ஐ 6 ஆக்க என்ன வேண்டும்? ஐந்தாவது கட்டுரைக்கு ஒன்று, ஆறாவது கட்டுரைக்கு மூன்று, மொத்தம் நாலு மேற்கோள். அதே ஆள் மூன்று புதிய கட்டுரைகள் எழுதி, மூன்றிலும் தன் ஆறாவது கட்டுரையையும், ஒன்றில் ஐந்தாவதையும் பட்டியலில் சேர்த்தால் முடிந்தது. 40 மேற்கோள் உள்ள நல்ல கட்டுரையை அவர் குறிப்பிட்டால் எண் அசையாது, அதனால் அதை விட்டுவிடுவார். சொந்த வேலையைத் தொடர்கிறவர் தன் பழைய கட்டுரையைக் குறிப்பிடுவது இயல்பு, அது குற்றம் இல்லை. ஆனால் ஒருவரின் சொந்த மேற்கோள்கள் எல்லாம் இப்படி விளிம்பில் நிற்கும் கட்டுரைகளுக்கே போனால், அது கணக்குப் பார்த்துச் செய்தது. பதவி உயர்வுப் படிவத்தில் இந்த எண்ணை எழுத ஒரு கட்டம் வந்த பிறகு, நூலகத்துக்கு வந்து "இத எப்படிக் கூட்டலாம்" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ஆசிரியர்கள்தான். அவர்களை அப்படிக் கேட்க வைத்த அந்தக் கட்டத்தின்மேல்தான் எனக்குக் கோபம். ஹிர்ஷே 2020-இல், தன் குறியீடு படுதோல்வி அடையவும் கெடுதலான விளைவுகளை உண்டாக்கவும் முடியும் என்று எழுதினார்.

மாலை ஆறு மணிக்குக் காப்பி குடித்துவிட்டு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சாளைக் குடலுக்கு ஒன்பது மேற்கோள் கட்டுரையின் முறையே எடுப்பது, ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று பிளாங்க், பருத்தி மேலங்கி போட்டுக்கொண்டு வேலை செய்வது. அதோடு உடன்படாத அந்த ஒரு கட்டுரையையும் முழுதாகப் படித்துவிடுவது. பழைய கட்டுரையை முன்னுரையில் ஒரு வரியில் குறிப்பிடுவது, முதலில் கேட்டவர்கள் என்பதற்காக.

பட்டியலில் இரண்டையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அத்த, இது நாளைக்குப் பேப்பரா வந்தா அது 413 ஆகும், இது பத்து ஆகும். ரெண்டுக்கும் ஒண்ணு ஒண்ணுதானே கூடும்?"

"ஆமா மக்ளே."